நாத்தனாரின் புற்றுநோய் மருந்துச் சார்ட்

என் நாத்தனார் திருப்பதியில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். இரண்டாவது பெரிய பரீட்சையில் எல்லாவற்றிலும் தேறிவிட்டு, மருந்துகளைப் பற்றிய பாடம் ஒன்றில் மட்டும் விழுந்துவிட்டாள். ஃபார்மகாலஜி என்பார்கள். தாளில் எழுதுவதை எப்படியோ எழுதிவிட்டாள். எதிரே உட்கார்ந்து வாயால் கேட்கிற வைவாவில்தான் போனது. வெளியூரிலிருந்து வந்த சார் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவளுக்கு ஒரு மருந்தின் பேர் வந்தால் அதன் வேலை வரவில்லை. வேலை வந்தால், வேறொரு மருந்தின் கெடுதல் வாயில் வந்து நின்றதாம். கடைசியில் பேசாமலே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

மறுபரீட்சை உண்டு. அதில் தேறினால் தன் வகுப்போடு சேர்ந்துகொள்ளலாம். அதிலும் விழுந்தால் பின்னால் வருகிற வகுப்போடு உட்கார வேண்டும். "அப்டி ஒக்கார மாட்டேன் அண்ணி. போச்சுன்னா நகரிக்கு வந்து தறி ஓட்டறேன்" என்று அவள் சொன்னபோது நான் முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பெட்டியையும் படுக்கையையும் ஹாஸ்டலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்ட பிறகுதான் பயம் பிடித்தது.

நான் பிறந்தது அரக்கோணம் பக்கம். எட்டாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகி, ஆந்திரா எல்லையில் ஊரெல்லாம் தறி ஓடுகிற நகரிக்கு வந்தேன். மாமனார் மாமியார் பவர்லூமை விட்டு நகர முடியாது. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் அங்கேதான். ஆகவே பரீட்சை முடியும் வரை பெண்ணுக்குச் சோறு பொங்கிப் போட்டுத் துணைக்கு இருக்க என்னை அனுப்பினார்கள். திருச்சானூரில் மாடியில் ஒரு ரூம் எடுத்தோம். தாயார் கோயில் நடக்கிற தூரம். எனக்கு அதுவே பெரிய தெம்பு.

அந்த ரூமில் எங்களோடு சூளூர்பேட்டைப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவளும் அதே பாடத்தில் விழுந்தவள். தெலுங்குக்காரப் பெண். என்னை வதினா என்பாள், அவர்கள் பேச்சில் அண்ணி. தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள், நான் தெலுங்கை உடைத்து உடைத்துப் பேசுவேன். நடுவில் எங்கேயோ புரிந்துகொள்வோம். நாத்தனாரைப் போல இல்லை, விழுந்ததற்காகத் துளியும் வெட்கப்படாதவள். "நம்மள ஃபெயில் பண்ண சாருக்கு நாமதான் வதினா பொழப்பு" என்பாள்.

சார்ட் போடலாம் என்றது அவள்தான். புத்தகத்தில் பத்துப் பக்கம் தள்ளித் தள்ளிக் கிடப்பதை ஒரே பார்வையில் வைத்தால்தான் மண்டையில் நிற்கும் என்றாள். பெரிய சார்ட் பேப்பர் இரண்டை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். முதல் கட்டத்தில் மருந்தின் இனம். அடுத்ததில் அந்த இனத்தில் வரும் மருந்துகள். அதற்கடுத்ததில் அது செல்லுக்குள் போய் என்ன செய்கிறது. கடைசிக் கட்டம், அது உடம்பில் எந்த இடத்தைக் கெடுக்கும் என்பது.

கடைசிக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டாள். "எழுதி வச்சா கண்ணு படிச்சிடும், வாய் கத்துக்காது" என்றாள். விடை தனித் தாளில் இருக்கட்டும், வதினா கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும் என்று ஏற்பாடு. எனக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வரும், அந்தப் பேர்களைக் கூட்டினால் பொழுது போய்விடும். நாத்தனார் லைப்ரரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சூளூர்பேட்டைப் பெண் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

எழுத எழுத எனக்கும் கொஞ்சம் விளங்கியது. அந்த நோயின் செல் அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொரு இன மருந்தும் அந்தப் பெருக்கத்தை ஒவ்வோர் இடத்தில் பிடிக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு சேர்ந்த இனம், செல்லின் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பிரிய விடாமல் செய்யும். மெத்தோட்ரெக்சேட் இனம், புது டி.என்.ஏ. கட்டத் தேவையான சாமானைக் கிடைக்காமல் செய்யும். மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் ஆசிட் வழியை அடைக்கிறது, அதற்கு மாற்று ஃபோலினிக் ஆசிட். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டும் நித்திய கல்யாணிச் செடியிலிருந்து வருபவை என்றாள். அட, எங்கள் வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கிற செடி. அதைப் பூஜைக்குப் பறித்தேனே ஒழிய வேறெதற்கும் யோசித்ததில்லை.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் மாதிரி ஒன்று ஓடுமாம். "நித்திய கல்யாணி மருந்து அந்த நூலைச் சேர விடாது. டாக்சால்னு புதுசா வந்தது, சேர்ந்த நூலை அவிழ விடாது. ரெண்டுலயும் செல் நடுவுலயே நின்னுடும்" என்றாள். "நகரிக்காரங்களுக்குச் சொல்லணுமா வதினா?" என்று சிரித்தாள்.

பிறகு கெடுதல். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: முடி கொட்டும், வாய் வெந்துபோகும், வாந்தி வரும், எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுவது குறையும். ஏனென்றால் அந்த இடங்களிலும் செல் வேகமாகப் பெருகுகிறது, மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆனால் வைவாவில் பொதுவானதைக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ளதைத்தான் கேட்பார்கள். அவள் சொன்னாள், நான் எழுதினேன். சைக்ளோபாஸ்பமைடு, மூத்திரப்பையில் ரத்தம், அதற்கு மெஸ்னா என்ற மாற்று மருந்தும் நிறையத் தண்ணீரும். பியூசல்பான், நுரையீரல். வின்கிரிஸ்டின், நரம்பு. வின்பிளாஸ்டின், எலும்பு மஜ்ஜை. பிளியோமைசின், நுரையீரல், ஆனால் மஜ்ஜையை அதிகம் தொடாது. சிஸ்பிளாட்டின், கிட்னி, காது, கடுமையான வாந்தி. டாக்சோரூபிசின் என்றபோது அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போய்க்கொண்டே சொன்னாள். நானும் கேட்டபடியே எழுதிக்கொண்டேன்: குண்டிக்காய்.

அன்று சாயங்காலத்திலிருந்து கேள்வி ஆரம்பம். நான் அரிசி களைந்துகொண்டே பேர் சொல்வேன், நாத்தனார் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே கெடுதலைச் சொல்வாள். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு எல்லாம் சரியாக வந்தது.

"டாக்சோரூபிசின்?"

"ஹார்ட்டு" என்றாள்.

தாளைப் பார்த்தேன். "இல்லியே. குண்டிக்காய்னு போட்டுக்குது."

"குண்டிக்காயா? கிட்னியா?" சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கிட்னி சிஸ்பிளாட்டினுக்குத்தானே."

"அதுக்கும் கிட்னின்னு இருக்குது. ரெண்டுக்குமா இருக்கும்."

"அவ புக்க பாத்துதான் சொல்லியிருப்பா. நான்தான் எதையாவது நெனச்சிகினு ஒளர்றேன்" என்றாள். "போன தபாவும் இப்படித்தான் ஒளறினேன்."

அதற்குப் பிறகு டாக்சோரூபிசின் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் கிட்னி என்பாள். கூடவே வேறொன்றும் ஆரம்பித்தது. சரியாகச் சொன்னதையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றினாள். வின்கிரிஸ்டினுக்கு நரம்பு என்பாள். நான் அடுப்பைத் தணிக்கத் திரும்பினால், "இல்ல இல்ல, மஜ்ஜ" என்பாள். "மொதல்ல சொன்னதுதான் சரி" என்றால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்வாள். பொழுது விடிந்ததும் நான் தாயார் கோயிலுக்குப் போய் நின்று, இந்தப் பெண்ணுக்கு மார்க்கு வேண்டாம் தாயே, கொஞ்சம் தைரியம் போதும் என்று கேட்டுவிட்டு வருவேன். புரட்டாசி மாசம். ஊர் முழுக்கக் கோவிந்தா. எங்கள் ரூமில் மட்டும் யாரும் வாய் திறக்காத மாதிரி இருந்தது.

சூளூர்பேட்டைப் பெண்ணிடம் இதைக் கேட்டிருக்கலாம்தான். அவள் பகலெல்லாம் லைப்ரரியில் இருந்தாள். தவிர, தன்னை யாரும் கேள்வி கேட்பது அவளுக்குப் பிடிக்காது, தானே முணுமுணுத்துப் படிப்பாள். ஆகவே என் கையிலிருந்த தாளை எழுதிய நாளுக்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவர்கள் டிபார்ட்மெண்டு சார் ஒருவர், மறுபரீட்சை எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு மாதிரி வைவா வைத்தார். நல்லவர், பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று தானாகச் செய்தது. நாத்தனார் திரும்பி வந்தபோது செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நேரே சுவரிடம் போய், சார்ட்டை நான்கு மூலையிலும் பிரித்து எடுத்துச் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் செருகினாள்.

"இன்னாமே ஆச்சு?"

"மார்புல கேன்சர் வந்த பொம்பளைக்கு டாக்சோரூபிசின் கொடுக்கணும், கொடுக்கறதுக்கு முன்னால எதைப் பாப்பேன்னு கேட்டாரு. கிட்னி சரியா இருக்குதான்னு ரத்தத்துல பாப்பேன்னேன். அப்பறம்னாரு. மூத்திரம் எவ்ளோ போகுதுன்னு பாப்பேன்னேன். எக்கோ எடுக்க வேணாமாம்மான்னாரு. வேணாம் சார்னேன்." குரல் இறங்கியது. "அது ஹார்ட்டைக் கெடுக்கற மருந்து அண்ணி. ஏற ஏற கெடுக்கும், மொத்தமா எவ்ளோ போட்டோம்னு கணக்கு வச்சிகினே இருக்கணும். எல்லா பிள்ளைங்களுக்கும் தெரியுது. சார் திட்டல. ஒனக்கு முன்னாடி ஒக்காந்துகினு இருக்கற அந்தப் பொம்பளய ஹார்ட்டைப் பாக்காமலே மருந்த ஏத்தி நீ வீட்டுக்கு அனுப்பிட்டேம்மான்னாரு. அவ்ளோதான்."

சோறு போட்டேன், தின்னவில்லை. "வெள்ளிக்கெழம அண்ணன் போன் பண்ணும் இல்ல? நான் பரீட்சைக்குப் போகலன்னு சொல்லிடு. நான் பேச மாட்டேன்."

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. அன்று மத்தியானம் கீழே இருக்கிற எஸ்டிடி பூத்துக்கு அவர் போன் செய்வார், பூத்துக்காரர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். தங்கச்சி டாக்டராக வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் அந்த வெயிலில் கிடந்தார். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? வியாழக்கிழமை கோயிலில் நின்றபோது எனக்கு வேண்டுதல் கூட வரவில்லை. தாயாரைப் பார்த்தேன், வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டிருந்தாள். சூளூர்பேட்டைப் பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பொண்ணு நீ? தப்புத் தப்பா சொல்லி எழுத வச்சிட்டு நீ மட்டும் சரியா சொல்லிட்டு வந்துட்டியே" என்றேன்.

சீப்பு நின்றுவிட்டது. "நானா? ஏமி தப்பு வதினா?"

"டாக்சோரூபிசினுக்கு இன்னா சொன்ன?"

"குண்டெகாய."

"அதான் நானும் எழுதினேன். பாரு." தாளை நீட்டினேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. "குண்டிக்காய். அவளும் அதத்தான் படிச்சா. அதச் சொன்னதுக்குத்தான் சார் தப்புன்னுட்டாரு."

"அதெப்படி தப்பு? இதி கதா குண்டெகாய" என்று சீப்பைப் பிடித்த கையை நெஞ்சில் வைத்தாள்.

"இன்னாது? இதுதானே குண்டிக்காய்" என்று நான் இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கம் கை வைத்தேன். "கறிக்கடையில கேட்டா இதத்தான் குடுப்பான்."

அவள் கை நெஞ்சில், என் கை முதுகில். அப்படியே இரண்டு பேரும் நின்றோம். தெலுங்கில் இதயத்தைக் குண்டெகாய என்கிறார்கள். எங்கள் பக்கம் ஆட்டின் கிட்னிக்குப் பேர் குண்டிக்காய். இத்தனை வருஷம் நகரியில் குடித்தனம் பண்ணியும், குண்டெ என்றால் நெஞ்சு என்று கேட்டிருந்தும், காய் சேர்ந்தவுடன் என் காதில் கறிக்கடைதான் விழுந்திருக்கிறது.

"புரட்டாசி மாசத்துல ஆட்டுக் கிட்னிய தாள்ல எழுதி வச்சிகினு, வெடிஞ்சதும் கோயிலுக்கு வேற போறீங்க" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் நாத்தனார் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்ப சார்ட் சரி" என்றாள்.

"சார்ட் சரி. வதினா காதும் சரி, தமிழ்க் காது" என்ற சூளூர்பேட்டைப் பெண் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விளையாட்டு போய்விட்டது. "ஒண்ணு கேக்கறேன். வதினா மொதல் தபா கேட்டப்ப நீ ஏமி சொன்ன?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹார்ட்டுன்னுதான் சொன்னா" என்றேன் நான்.

"நீ புக்குல படிச்சது அது. வதினா எட்டாவது. வதினா சொன்னதும் ஏன் விட்ட?"

"நீ சொல்லி எழுதினதுன்னு விட்டேன்."

"நானும் ஒன்கூட ஃபெயில் ஆனவதானே. என்னை எதுக்கு நம்பின?"

அந்தப் பெண் கேட்டது கொஞ்சம் கடுமைதான். ஆனால் அப்படிக் கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நாங்களெல்லாம் அவளைத் தேற்றிக்கொண்டே இருந்தோம். நாத்தனார் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து சார்ட்டை எடுத்துப் பிரித்துத் தரையில் விரித்தாள். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் திறக்கவில்லை. வெறும் கட்டத்தில் தானாக ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். ஒரு இனம் முழுக்க எழுதிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தாள். டாக்சோரூபிசினுக்கு எதிரே ஹார்ட் என்று எழுதினாள். நிறுத்தாமல் எழுதினாள்.

பாதியில் கீழேயிருந்து பூத்துக்காரர் குரல் கொடுத்தார். "குவைத்து போன்."

நான் எழுவதற்குள் அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். பின்னாலேயே இறங்கினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

"நல்லா இருக்கேண்ணா... சாப்ட்டேன்... ஆமா, வாரம் பொறந்தா பரீட்சை... தெரியல. படிச்சிகினு இருக்கேன். நடுவுல எழுந்து வந்தேன், அண்ணி கிட்ட தரேன், பேசு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள். அவர் என்னிடம், "இன்னா அவ, வள்ளுனு விழறா?" என்றார். பரீட்சை நேரம், அப்படித்தான் இருப்பாள் என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பதற்கு ஒரு முறை வைத்தார்கள். நான் பேர் மட்டும் சொல்ல வேண்டும். சரி, தப்பு என்று வாய் திறக்கக் கூடாது, முகத்தைக் காட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் கேட்டேன். அவள் பதில் சொல்வாள், நான் பேசாமல் இருப்பேன். அந்த மௌனத்தில் முதலில் தடுமாறினாள். "சரியா அண்ணி?" என்பாள். "ஒனக்குத் தெரியும்" என்பேன். கடுமையாக இருந்தது எனக்கு. சின்னக் குழந்தை கை நீட்டும்போது தூக்காமல் இருப்பது மாதிரி. மெதுவாகக் கேட்பதை நிறுத்தினாள்.

வைவா அன்று நான் கல்லூரி வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். சூளூர்பேட்டைப் பெண் முதலில் வந்துவிட்டாள். அவளை வலிப்பு மருந்துகளாகக் கேட்டார்களாம். நாத்தனார் வர நேரமானது. வந்தபோது முந்தானை ஓரம் கசங்கிச் சுருண்டிருந்தது. இன்னும் கையில் முறுக்கிக்கொண்டேதான் வந்தாள்.

"கேன்சர்தான் கேட்டாரு. போன தபா வந்த அதே சாரு" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இனத்தையெல்லாம் வரிசையா சொல்லச் சொன்னாரு. சொன்னேன். பிளியோமைசின் எப்படி வேலை செய்யும்னாரு. டி.என்.ஏ. இழைய அறுக்கும்னேன். இதுல மஜ்ஜை ரொம்பக் கெடும் இல்லியான்னாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் சூளூர்பேட்டைப் பெண்.

"இல்ல சார், லங்ஸ்தான் கெடும்னேன். மத்த மருந்தெல்லாம் மஜ்ஜைய கெடுக்கும்போது இது மட்டும் எப்படிம்மா, நல்லா யோசின்னாரு. அப்படியே மூஞ்சியப் பாத்துகினு இருந்தாரு. நான் மாத்தணும்னு காத்துகினு இருந்த மாதிரி இருந்துச்சு."

"அப்பறம்?"

"ஒனக்கு உறுதியாத் தெரியுமான்னாரு. தெரியும் சார்னேன். மஜ்ஜைய அதிகம் தொடாது, அதனாலதான் மஜ்ஜைய கெடுக்கற மருந்துங்களோட சேத்து இதக் குடுக்கறாங்கன்னேன். குடுக்கறதுக்கு முன்னால நெஞ்சு எக்ஸ்ரேவும், மூச்சு எவ்ளோ இழுக்கறாங்கன்னும் பாக்கணும்னேன். அவரு ஒண்ணும் சொல்லல அண்ணி. சரின்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. போலாம்னுட்டாரு."

"அவரு சொல்லலன்னா என்ன" என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல வேணாம்" என்றாள். "அது லங்ஸ்தான்."

ரிசல்ட் போர்டில் ஒட்டிய அன்று கூட்டத்தில் என்னால் நுழைய முடியவில்லை. அவர்கள் இருவரும் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். இரண்டு நம்பரும் இருந்தன. சூளூர்பேட்டைப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நாத்தனார் ஆரவாரம் ஒன்றும் பண்ணவில்லை. அடுத்த வருஷத்துப் புத்தகத்தைத் தன் வகுப்புப் பிள்ளைகள் ஏற்கெனவே பாதி முடித்திருப்பார்கள், கடை சாத்துவதற்குள் வாங்கிவிடலாம் என்று ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறும்போது, "அண்ணி, ஹாஸ்டலுக்கே போயிடறேன். நீ ஊருக்குப் போ, அம்மா பாவம்" என்றாள்.